மாமி மெஸ்ஸின் ஒன்பது மணி: இருவர் குழுவின் முதல் ஸ்பிரிண்ட்

மும்பை செம்பூரில் ஒரு தமிழ் மெஸ். உட்கார்ந்து சாப்பிட இடம் கிடையாது. மாதக் கணக்கில் மதிய டப்பாவும் இரவு டப்பாவும் வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் போகும். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கும் முதிய தம்பதிகள், ஹார்பர் லைனில் வேலைக்குப் போய்வரும் தனியாள்கள் என்று அறுபதுக்குச் சற்றுக் குறைவான வாடிக்கையாளர்கள். நடத்துவது ஒரு மாமி. "நாளைக்கு டப்பா வேண்டாம்" என்று வாட்ஸ்ஆப்பில் வரும் செய்திகளைப் பார்த்து நோட்டில் குறிப்பது அவருடைய மருமகள். குறிக்க விட்டுப்போனால் காலையில் சோறு மீந்துவிடும், மாதக் கடைசியில் பில் தகராறும் வரும். இதற்கு ஓர் 'ஆப்' வேண்டும் என்பதுதான் மாமி சொன்ன ஒரே வரி.

குழு என்று சொன்னால் இரண்டு பேர். நிரல் எழுதுவது எங்கள் கட்டடத்தில் இருக்கும் ஒரு தம்பி. மற்றவன் நான், பகலில் மென்பொருள் சோதிப்பதுதான் எனக்குச் சோறு போடும் தொழில். இருவருக்கும் வேறு வேலை இருப்பதால் மாலையில் இரண்டு மணி நேரம்தான் கிடைக்கும். ஸ்பிரிண்ட், அதாவது திட்டமிட்டு, செய்து, காட்டி முடிக்கும் ஒரு சுற்று, எங்களுக்கு இரண்டு வாரம். இப்படிச் சுற்றுச் சுற்றாக வேலை செய்யும் ஸ்க்ரம் முறையின் வழிகாட்டி ஒரு மாதம் வரை போகலாம் என்கிறது, ஆனால் இவ்வளவு குறைந்த நேரம் உள்ளவர்கள் ஒரு மாதத்துக்குத் திட்டம் போட்டால் முதல் இரண்டு வாரம் பேச்சிலேயே போய்விடும்.

இருவர்தானே, ஒரே மேசையில் உட்காருகிறோம், எழுதி வைப்பதற்கு என்ன இருக்கிறது என்பது தம்பியின் வாதம். எங்கள் இருவருக்கும் இடையில் என்றால் அது சரிதான். ஆனால் காலை ஐந்து மணிக்கு மெஸ்ஸில் அரிசி அளக்கிறவரும் இரவில் செய்திகளைக் குறிக்கிறவரும் அந்த மேசையில் இல்லை. அவர்களுடைய விதிகளை மனதில் வைத்துக்கொண்டால் ஆளுக்கொரு விதமாக வைத்துக்கொள்வோம். இங்கே நடந்தது ஏறத்தாழ முழுக்க அந்த விதிகளைக் கண்டுபிடித்த கதைதான்.

முதல் பட்டியல்

தம்பி எடுத்து வந்த பட்டியல் இது:

```
1. டேட்டாபேஸ் அமைத்தல்
2. ஓ.டி.பி. மூலம் லாகின்
3. அட்மின் பக்கம்
4. பயனராக, என் சந்தாவை நிர்வகிக்க விரும்புகிறேன்
```

மென்பொருள் குழுக்களில் 'கதை' என்பது, யாருக்கு என்ன வேண்டும், எதற்காக என்று சொல்லும் சிறு குறிப்பு. முதலாவது யாருக்கும் கதை அல்ல. டேட்டாபேஸ் அமைந்துவிட்டது என்று மாமியிடம் காட்ட எதுவும் இருக்காது. அட்டவணைகள் தேவைதான், ஆனால் முதல் உண்மையான கதைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு அந்தக் கதையின் உள்ளேயே வந்துவிடும். மூன்றாவது ஒரு திரையின் பெயர். நான்காவது கதை வடிவத்தில் இருக்கிறது. ஆனால் 'பயனர்' யார், 'நிர்வகிக்க' என்றால் எதை என்று கேட்டால் பதிலாக ஒரு வருட வேலை வரும்.

ஓ.டி.பி. லாகினின் சிக்கல் வேறு. இந்தியாவில் வணிக எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டுமானால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 ஒழுங்குமுறையின் கீழ், தொலைபேசி நிறுவனங்களின் டி.எல்.டி. என்ற பதிவுத் தளத்தில் வணிகத்தின் பெயர், அனுப்புநர் பெயர், செய்தியின் வாசகம் எல்லாவற்றையும் பதிவு செய்து ஒப்புதல் வாங்க வேண்டும். அந்த ஒப்புதல் எந்த நாளில் வரும் என்பது நம் கையில் இல்லை. முதல் ஸ்பிரிண்டில் இப்படி ஒரு கதையை வைத்தால் இரண்டு பேரில் ஒருவர் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதாவது குழுவில் பாதி.

லாகின் வேண்டுமா என்று யோசித்தபோதுதான் அடிப்படையான கேள்வி வெளியே வந்தது. முதல் இரண்டு வாரத்தில் இதை யார் பயன்படுத்தப் போகிறார்கள்? வாடிக்கையாளர் என்றால் அறுபது பேருக்குப் புதுப் பழக்கம் ஏற்படுத்த வேண்டும், அதில் பாதிப் பேர் எழுபதைத் தாண்டியவர்கள். அவர்கள் வாட்ஸ்ஆப்பிலேயே சொல்லட்டும். இரவில் நோட்டோடு உட்காருகிற மருமகளும் விடியற்காலையில் அளவு கேட்கிற சமையல்கார அக்காவும்தான் உண்மையில் அவதிப்படுகிறவர்கள். பயனர் இரண்டே பேர் என்று ஆனதும் லாகின் அடுத்த ஸ்பிரிண்டுகளுக்குத் தள்ளிப்போனது. அதுவரை இருவருடைய போனிலும் ஊகிக்க முடியாத நீண்ட ரகசிய இணைப்பு ஒன்று போதும் என்று முடிவு செய்தோம். அது நிரந்தர ஏற்பாடு அல்ல என்பதையும், இனிச் செய்ய வேண்டியவற்றின் பட்டியலான பேக்லாகில் எழுதி வைத்தோம்.

கதையின் மூன்று துண்டுகள்

'இன்னாராக, எனக்கு இது வேண்டும், இதற்காக' என்ற வடிவம் 2001 வாக்கில் கனெக்ஸ்ட்ரா என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தில் புழக்கத்துக்கு வந்தது. பலரும் நடுத்துண்டை மட்டும் கவனமாக எழுதிவிட்டு மற்ற இரண்டையும் சம்பிரதாயத்துக்கு நிரப்புகிறார்கள். எங்களுக்கு வேலை செய்தது கடைசித் துண்டு.

முதலில் எழுதிய கதை: 'சமையல்காரராக, எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று தெரிய வேண்டும், அளவு போடுவதற்காக.' இதைப் படித்துக் காட்டியதும் அக்கா மறுத்துவிட்டார். எத்தனை பேர் என்பது அவருக்கு வேண்டாம். சில வீடுகளில் இரண்டு டப்பா எடுப்பார்கள். சிலருக்குச் சோறு கிடையாது, சப்பாத்திதான். அவருக்கு வேண்டியது எத்தனை சோற்று டப்பா, எத்தனை சப்பாத்தி டப்பா என்ற இரண்டு எண்கள். 'அளவு போடுவதற்காக' என்று எழுதியிருந்ததால்தான் எந்த அளவு என்று கேட்கத் தோன்றியது. அந்தத் துண்டு இல்லாமல் கதை நின்றிருந்தால், தம்பி வாடிக்கையாளர்களை எண்ணிக் காட்டியிருப்பார், நானும் எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்று தேர்ச்சி கொடுத்திருப்பேன்.

கடைசியில் ஸ்பிரிண்டுக்கு இரண்டு கதைகள் நின்றன.

```
கதை 1: லீவு செய்திகளைக் குறிப்பவராக, ஒரு வாடிக்கையாளரின்
ஒரு நாள் மதிய டப்பாவை நிறுத்த வேண்டும்;
காலையில் அளக்கும் அரிசி அதற்கேற்பக் குறைவதற்காக.

கதை 2: சமையல் செய்பவராக, காலை ஐந்து மணிக்கு அன்றைய
சோற்று டப்பா, சப்பாத்தி டப்பா எண்ணிக்கை வேண்டும்;
அரிசியும் மாவும் அளந்து போடுவதற்காக.
```

இரண்டு கதைதானா என்று கேட்கலாம். இவை சேர்ந்தால் செய்தி வருவதிலிருந்து அரிசி அளப்பது வரை ஒரு முழு ஓட்டம் கிடைக்கிறது. மதியம் மட்டும், ஒரு நாள் மட்டும் என்று குறுக்கியிருக்கிறோம், ஆனால் எங்கேயும் பாதியில் அறுக்கவில்லை. முதல் ஸ்பிரிண்டில் வேலையைத் திரை, டேட்டாபேஸ் என்று அடுக்கடுக்காக வெட்டினால் இரண்டு வாரம் கழித்தும் மாமியால் ஒரு டப்பாவைக்கூட நிறுத்த முடியாது.

'ஒன்பது மணி' என்பது எத்தனை விதி?

ஒரு கதை முடிந்தது என்று ஏற்க எவையெல்லாம் நடக்க வேண்டும் என்பவைதான் அதன் நிபந்தனைகள். கதை 1-க்கு முதலில் எழுதப்பட்ட நிபந்தனைகளில் மூன்று: 'லீவு சரியாகப் பதிவாக வேண்டும். பயன்படுத்த எளிதாக இருக்க வேண்டும். இரவு ஒன்பது மணிக் கெடுவைப் பின்பற்ற வேண்டும்.' முதல் இரண்டையும் யாராலும் 'இல்லை' என்று சொல்லித் தோற்கடிக்க முடியாது. அப்படித் தோற்கடிக்க முடியாத வரி நிபந்தனை ஆகாது. அடித்துவிட்டோம்.

மூன்றாவது பார்ப்பதற்கு உருப்படியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மெஸ் மூடியிருக்கும். அன்று மாமியோடும் மருமகளோடும் உட்கார்ந்து அந்த ஒரு வரியைப் பற்றி மட்டும் பேசினோம். "பத்து மணிக்கு ஒருவர் சொன்னால் என்ன செய்வீர்கள் மாமி?" என்று கேட்டேன். டப்பா அனுப்ப மாட்டேன், வீணாகத்தானே போகும் என்றார். அப்படியானால் ஒன்பது மணி எதற்கு? ஒன்பது மணிக்குத்தான் காய்க்காரருக்குப் போன் செய்து மறுநாளைய அளவைச் சொல்லுவாராம். அதன்பின் சொல்பவருக்குக் காய் வாங்கியாகிவிட்டது, எனவே பணம் கழிக்க மாட்டார். ஆனால் அரிசி காலை ஐந்துக்குத்தான் அளக்கிறார்கள், அதுவரை சோறு குறைக்கலாம்.

ஆக, 'கெடு' என்ற ஒரு வரிக்குள் இரண்டு கெடு இருந்தது: பணத்துக்கு இரவு ஒன்பது, சமையலுக்குக் காலை ஐந்து. முதல் வரியை அப்படியே நிரலாக்கியிருந்தால் ஒன்பதுக்குப் பின் திரை பூட்டிக்கொண்டிருக்கும். மருமகள் பத்து மணிச் செய்தியை மறுபடியும் நோட்டில் எழுதியிருப்பார். நோட்டு திரும்பி வந்துவிட்டால் ஆப் செத்தது என்று அர்த்தம்.

அடுத்த கேள்வியைத் தம்பி கேட்டார்: ஒன்பது என்பது செய்தி வந்த நேரமா, அதைத் திரையில் போடும் நேரமா? மருமகள் சிரித்துவிட்டார். அவர் பாத்திரமெல்லாம் கழுவி வைத்துவிட்டு ஒன்பதரைக்குத்தான் போனை எடுப்பார். எட்டே முக்காலுக்குச் சொன்னவரை ஒன்பதரைக்குப் பதிந்து 'தாமதம்' என்று குறித்தால், மாதக் கடைசியில் சண்டை நிச்சயம். எனவே கடிகாரத்தை நம்ப முடியாது; செய்தி ஒன்பதுக்கு முன் வந்ததா பின் வந்ததா என்று அவரே ஒரு பொத்தானால் சொல்ல வேண்டும். பணக் கணக்கு இந்த ஸ்பிரிண்டில் இல்லைதான். ஆனாலும் இந்தத் தகவலை இப்போதே சேமிக்காவிட்டால் பிறகு எங்கிருந்தும் எடுக்க முடியாது.

கதை 1-க்குக் கடைசியில் நின்றவை:

```
1. பெயர், தேதி, எத்தனை டப்பா ஆகியவற்றைக் கொடுத்தால்
   லீவு பதிவாகும். தேதி கிழமையோடு தெரியும்;
   'நாளை' என்ற பொத்தான் கிடையாது.
2. இரண்டு டப்பா எடுப்பவர் ஒன்றை மட்டும் நிறுத்தலாம்.
   எடுப்பதைவிட அதிகம் நிறுத்த முடியாது.
3. அதே நபருக்கு அதே தேதியில் லீவு இருந்தால் பழைய பதிவு
   காட்டப்படும்; இன்னொன்று சேராது.
4. செய்தி வந்தது 9-க்கு முன்னா, பின்னா என்பது சேமிக்கப்படும்.
   சரியாக 9:00-க்கு வந்தால் 'பின்'.
5. காலை 5:00 முதல் அன்றைய மதியத்துக்கு லீவு போட முடியாது;
   காரணம் திரையில் வரும்.
6. ஞாயிறுக்கு லீவு போட முடியாது.

இந்தக் கதையில் இல்லை: இரவு டப்பா, பல நாள் லீவு,
லீவை ரத்து செய்தல், பணக் கணக்கு.
```

இரண்டாவது நிபந்தனை முதிய தம்பதிகளால் வந்தது. ஒருவர் மட்டும் ஊருக்குப் போவது அங்கே சகஜம். மூன்றாவது, கணவனும் மனைவியும் தனித்தனியே அதே செய்தியை அனுப்புவதால். 'நாளை' பொத்தான் இல்லாததற்குக் காரணம், இரவு பன்னிரண்டரைக்கு 'நாளை வேண்டாம்' என்று அனுப்புகிறவர் விடிந்தால் வரும் மதியத்தைத்தான் சொல்கிறார், ஆனால் போனில் தேதி ஏற்கெனவே மாறியிருக்கும்.

கடைசியில் உள்ள 'இல்லை' பட்டியல் எல்லா நிபந்தனைகளையும்விட அதிகமாக நேரத்தை மிச்சப்படுத்தியது என்று நினைக்கிறேன். தம்பிக்கு ரத்து வசதியைச் சேர்க்கக் கை பரபரத்தது, சின்ன வேலைதானே என்றார். ரத்து செய்தால் அதற்கும் ஒரு கெடு, அந்தக் கெடுவுக்கும் பணத்துக்கும் ஓர் உறவு என்று வால் நீளும். அதுவரை மருமகள் அக்காவுக்கு ஒரு குரல் கொடுத்தால் போதும்.

ஆரம்பத்தில் நிபந்தனைகள் பத்துக்கு மேல் போயின. என் அனுபவத்தில் ஏழைத் தாண்டினால் உள்ளே இன்னொரு கதை ஒளிந்திருக்கும். இங்கே ஒளிந்திருந்தது பல நாள் லீவு. வெள்ளி முதல் திங்கள் வரை என்றால் ஞாயிறு போக மூன்று நாள். அதில் ஒரு நாள் ஏற்கெனவே லீவு என்றால் என்ன செய்வது என்று கிளைத்துக்கொண்டே போனது. பிரித்து வெளியே வைத்தோம். மருமகள் மூன்று முறை பதிவார், அவ்வளவுதான்.

தவறான நிரலைக் காட்டிக்கொடுக்கும் எடுத்துக்காட்டு

கதை 2-க்கு நிபந்தனையை வாக்கியமாக எழுதாமல் எண்களாக எழுதினோம்.

```
வாடிக்கையாளர் அ: 2 சோறு
வாடிக்கையாளர் ஆ: 1 சோறு
வாடிக்கையாளர் இ: 1 சப்பாத்தி
'அ' ஒரு டப்பாவை நிறுத்துகிறார்.
காட்ட வேண்டியது: சோறு 2, சப்பாத்தி 1.
```

இந்த எண்களைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கவில்லை. லீவு போட்டவரை முழுதாக நீக்கிவிடும் நிரல் சோறு 1 என்று காட்டும். லீவையே கவனிக்காத நிரல் சோறு 3 என்று காட்டும். எல்லோருக்கும் ஒரு டப்பா என்று எடுத்துக்காட்டு எழுதியிருந்தால், ஒருவர் லீவு போட்டதும் ஆளை நீக்கும் நிரலும் டப்பாவைக் குறைக்கும் நிரலும் ஒரே விடையைத் தந்திருக்கும். ஆனால் இந்த எடுத்துக்காட்டிலும் ஓட்டை உண்டு: லீவு போட்ட வீடுகளை எண்ணிக் கழிக்கும் நிரலுக்கும் இங்கே சோறு 2 தான் வரும். அதைப் பிடிக்க 'அ' இரண்டையும் நிறுத்தும் இன்னொரு வரி வேண்டும். அப்போது சரியான விடை சோறு 1. அதையும் சேர்த்தோம்.

ஐந்து மணி நிபந்தனைக்கும் இதே கவனம் தேவைப்பட்டது. தம்பியின் மடிக்கணினியில் இந்திய நேரம், சர்வரில் யூ.டி.சி. என்ற உலகப் பொது நேரம், நம்மைவிட ஐந்தரை மணி பின்னால். 'லீவுத் தேதி இன்று என்றால், மணி ஐந்தைத் தாண்டியிருந்தால் மறு' என்று எழுதிய நிரல் மடிக்கணினியில் கச்சிதமாக நடக்கும். சர்வரிலோ நம் காலை 5:15 என்பது முந்தைய நாள் இரவு 11:45. லீவுத் தேதி அதற்கு நாளை ஆகிவிடும், அனுமதித்துவிடும். 5:30-க்குத் தேதி மாறும், ஆனால் சர்வரின் மணி அப்போது பூஜ்யம். அது ஐந்து ஆவதற்குள் இங்கே பத்தரை, டப்பாக்கள் கட்டிக்கொண்டிருப்பார்கள். எனவே அந்த நிபந்தனையின் கீழ் ஒரு வரி: 'ஜூன் 12-ஆம் தேதி மதியத்துக்கான லீவை ஜூன் 12 காலை 5:15-க்கும் 9:00-க்கும் சர்வரில் போட்டுப் பார்க்க, இரண்டும் மறுக்கப்பட வேண்டும்.' நேரக் கணக்கை இந்திய நேரத்தைக் குறிக்கும் `Asia/Kolkata` என்று வெளிப்படையாக வைத்ததும் தேறியது.

இருவருக்குள் வேலைப் பிரிவினை

பெரிய குழுவில் தேவையைச் சொல்பவர், நிரல் எழுதுபவர், சோதிப்பவர் என்று மூவர் உட்கார்ந்து கதையைப் பேசுவார்கள். இங்கே நானே எழுதி நானே சோதிக்கிறேன். என் அனுமானம் இரண்டு பக்கமும் சலிக்கப்படாமல் போய்விடும். அதற்காக ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். நிரலைத் தொடுமுன் தம்பி, கதை எழுதிய அட்டையைப் பார்க்காமல், அதை ஓர் எடுத்துக்காட்டோடு தன் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். நான் மனதில் வைத்திருந்ததிலிருந்து அது விலகும் இடமெல்லாம் நிபந்தனையாக மாறும். செய்தி வந்த நேரமா, பதிந்த நேரமா என்ற கேள்வி அப்படி ஒரு விலகலில் பிறந்து மாமி வீட்டுக்குப் போனதுதான். இப்படிக் கதை எழுதும் முறையின் முன்னோடிகளில் ஒருவரான ரான் ஜெஃப்ரீஸ் கதைக்கு அட்டை, உரையாடல், உறுதிப்படுத்தல் என்று மூன்று பகுதிகள் சொன்னார். இருவர் குழுவில் நடுவில் உள்ளதுதான் முதலில் காணாமல் போகிறது.

ஒரு கதைக்கு எவ்வளவு வேலை ஆகும் என்று மதிப்பிட, பல குழுக்களில் ஆளுக்கொரு எண் சீட்டைக் காட்டிப் புள்ளி கொடுப்பார்கள். நாங்கள் கொடுக்கவில்லை. இரண்டு பேர் சீட்டு எடுத்து எண் காட்டுவது எனக்கு விளையாட்டாகத்தான் படுகிறது. மூன்று மாலைகளில் முடியுமா என்று கேட்போம். முடியாது என்றால் கதையை உடைப்போம். மருமகளின் பழைய ஆண்ட்ராய்டு போனில் திறக்க வேண்டும், தமிழ் எழுத்து உடையாமல் தெரிய வேண்டும் போன்றவை எல்லாக் கதைகளுக்கும் பொது. அவற்றை 'முடிந்தது' என்பதற்கான தனிப் பட்டியலில் ஒரே முறை எழுதிவிட்டோம்.

காட்டிய காலை

இரண்டாவது வாரக் கடைசியில், விடியற்காலை ஐந்து மணிக்கு மெஸ்ஸின் சமையலறையிலேயே காட்டினோம். எண்கள் நோட்டோடு ஒத்துப்போயின. எழுதிய நிபந்தனைகள் எல்லாம் தேறின. ஆனால் அக்கா போனைத் தொடவில்லை. கை ஈரம். திரையில் முதலில் லீவு போட்டவர்களின் பெயர்ப் பட்டியலும் அதற்குக் கீழே மொத்தமும் இருந்தன. தள்ளிப் பார்த்தால்தான் எண் வரும். எட்டிப் பார்த்துவிட்டு, "எண் எங்கே தம்பி?" என்று கேட்டார்.

நிபந்தனையில் 'காட்ட வேண்டும்' என்றுதான் இருந்தது, 'தொடாமல் தெரிய வேண்டும்' என்று இல்லை. இதை மேசையில் உட்கார்ந்து எழுதியிருக்க முடியும் என்று நான் நம்பவில்லை. சமையலறையில் நின்றால்தான் தெரியும். நிபந்தனை தேறியது, 'அளந்து போடுவதற்காக' என்ற துண்டு தேறவில்லை. எனவே கதை 2-ஐ முடிந்ததாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு எண்களையும் திரையின் மேல் பாதி முழுக்கப் பெரிதாகப் போட்டு, பெயர்களைக் கீழே இறக்குவது அன்று மாலைக்குள் முடிந்த வேலைதான். மறுநாள் காலை, இரண்டடி தள்ளி நின்று அக்கா வாசித்ததும் கதையை மூடினோம்.

இரண்டாவது ஸ்பிரிண்டுக்கு மாமி கேட்டது இரவு டப்பா. மருமகள் கேட்டது மாதக் கடைசி பில். பில்லை எடுத்தோம், ஏனென்றால் 'முன்', 'பின்' என்று சேமித்த தகவல் அதற்குத்தான் காத்திருக்கிறது. அதன் முதல் நிபந்தனை எழுதியாகிவிட்டது: ஒன்பதுக்குப் பின் வந்த லீவுக்குப் பணம் கழியாது, ஆனால் மாமி விரும்பினால் கழிக்கலாம்; கழித்தால் அவர் கழித்தார் என்று பில்லில் தெரிய வேண்டும். கடைசிப் பகுதியை மருமகள் வற்புறுத்திச் சேர்க்கச் சொன்னார். மாமி அதற்கு இன்னும் சம்மதிக்கவில்லை.